மாங்காய் ஊறுகாய், கறித்தூள்: டர்பன் மகளிர் சுயஉதவிக் குழுவிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதையெல்லாம் எங்கே வைத்துச் செய்கிறீர்கள்? உரிமம் இருக்கிறதா?

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த் பகுதியில், எங்கள் உறுப்பினர் ஒருவருடைய வீட்டின் பின்கட்டில் உள்ள தனிச் சமையலறையில் பதினொரு பெண்கள் முறை வைத்துச் செய்கிறோம். தென்னாப்பிரிக்காவில் உணவு செய்து விற்பவர்கள் 2018-ஆம் ஆண்டின் ஆர்.638 உணவுச் சுகாதார விதிகளின்படி தங்கள் நகராட்சியிடம் தகுதிச் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். எங்களுக்கு அது டர்பனின் எதெக்வினி நகராட்சியின் சுகாதார ஆய்வுக்குப் பிறகு கிடைத்தது. அந்தச் சான்றிதழ் குறிப்பிட்ட இடத்துக்கும் குறிப்பிட்ட பொறுப்பாளருக்கும் மட்டுமே செல்லும் என்பதால், வேலை எவ்வளவு குவிந்தாலும் யாரும் தங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று கிளறுவதில்லை.

மாங்காய் ஊறுகாயை எப்படிப் போடுகிறீர்கள்?

கொட்டை இன்னும் முற்றி இறுகாத, அழுத்தினால் சற்றும் அமுங்காத பச்சை மாங்காயாகப் பார்த்து வாங்குகிறோம். சந்தையில் டிசம்பர் மாதம் இது தாராளமாகக் கிடைக்கும். தோலுக்கு உள்ளே சதை மஞ்சளாகத் தொடங்கிய காயை எடுத்தால் அது இரண்டு மாதத்தில் குழைந்துவிடும். காயைக் கழுவித் துணியால் துடைத்து, விசிறிக் காற்றில் ஓர் இரவு பரப்பி வைத்த பிறகே கத்தி வைக்கிறோம்.

நறுக்கிய துண்டு ஒரு கிலோவுக்கு 150 கிராம் கல்லுப்பும் 10 கிராம் மஞ்சள்தூளும் போட்டுக் குலுக்கி, மூன்று நாள் மூடி வைத்து, நாள்தோறும் இருமுறை காய்ந்த மரக்கரண்டியால் கிளறிவிடுகிறோம். மூன்றாம் நாள் துண்டுகள் தாங்கள் விட்ட நீரிலேயே மிதக்கும். துண்டுகளை மட்டும் வடித்துத் தட்டில் பரப்பி ஒரு நாள் உலர்த்துகிறோம். உப்புநீரை அகலமான கண்ணாடிப் பாத்திரத்தில் தனியாகக் காயவைத்து, பிறகு துண்டுகளோடு சேர்த்துவிடுகிறோம். அந்த நீரைக் கொட்டிவிடச் சொல்கிறவர்கள் உண்டு. ஆனால் போட்ட உப்பிலும் காயின் புளிப்பிலும் பெரும்பங்கு அதற்குள்தான் இறங்கியிருக்கிறது. அதைக் கொட்டினால் காவலாளியை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டியது போல ஆகும்.

டர்பனில் மாங்காய் வரும் காலமும் மழையும் புழுக்கமும் சேர்ந்தே வருகின்றன என்பது எங்கள் தொழிலின் நிரந்தரத் தலைவலி. மூன்று நாள் தொடர்ந்து மூட்டமாக இருந்தால் வெயிலுக்குக் காத்திருப்பதில்லை. அடுப்பறை ஓவனை 60 டிகிரியில் வைத்து, கதவை ஒரு கரண்டிக் காம்பின் அகலத்துக்குத் திறந்து, துண்டின் ஓரம் சுருங்கித் தோல் பக்கம் வளையும் வரை உலர்த்துகிறோம். விரலால் அழுத்தினால் துண்டு ரப்பர் போல வளைய வேண்டும்; விரலில் நீர் ஒட்டக் கூடாது.

அதன்பின் ஒரு கிலோ காய்க்கு 100 கிராம் மிளகாய்த்தூள், 50 கிராம் கடுகுப்பொடி, 15 கிராம் வறுத்துப் பொடித்த வெந்தயம், 5 கிராம் பெருங்காயம், 300 மில்லி நல்லெண்ணெய் என்ற கணக்கில் சேர்க்கிறோம். எண்ணெயைச் சூடாக்கிக் கை பொறுக்கும் அளவுக்கு ஆறவைத்தே ஊற்றுகிறோம். கொதிக்கும் எண்ணெயை ஊற்றினால் மிளகாய்த்தூள் கருகி, நிறம் செங்கல் போலாகிக் கசந்துவிடும். பெரிய சாடியில் மூன்று வாரம் ஊறிய பிறகுதான் சீசாவில் அடைக்கிறோம், ஏனென்றால் கடுகின் முதல் காட்டமும் வெந்தயத்தின் கசப்பும் அடங்க அவ்வளவு நாள் வேண்டும்.

எங்கள் வீட்டில் இரத்த அழுத்தம் உண்டு. உப்பைப் பாதியாகக் குறைத்துத் தர முடியுமா?

முடியாது என்று சொல்லும்போது எங்களுக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனால் அதன் காரணத்தை ஒருமுறை விளக்கிவிடுகிறோம். எண்ணெய்தான் ஊறுகாயைக் காப்பாற்றுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணெய் செய்வதெல்லாம் மேலே நின்று காற்றைத் தடுப்பதுதான். அது எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. துண்டுக்குள் இருக்கும் நீரில் உப்பும் மாங்காயின் அமிலமும் எவ்வளவு இருக்கின்றன என்பதே ஊறுகாய் நிற்குமா விழுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

எங்கள் கணக்கில் ஒரு கிலோ காயில் 150 கிராம் உப்பு விழுந்து, உலர்த்திய பிறகு ஏறத்தாழ 600 கிராம் நீர் மிச்சமாகிறது. அதாவது அந்த உப்புக் கரைசலில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு. பெரும்பாலான பாக்டீரியாக்களும் ஈஸ்ட்டுகளும் அதில் வளர முடியாது. உப்பைப் பாதியாக்கினால் ஒன்பதில் எட்டுப் பங்கு நீராகிவிடும், அந்த நிலையில் அறை வெப்பத்தில் விற்கக்கூடிய பொருளாக அது இருக்காது. குறைந்த உப்பில் வேண்டுபவர்களுக்கு, குளிர்ப்பெட்டியில் வைத்து ஒரு வாரத்தில் தீர்க்கும் உடனடி மாங்காய்ப் பச்சடியை வீட்டிலேயே செய்து கொள்ளும்படி சொல்கிறோம்.

எத்தனை மாதம் கெடாமல் இருக்கும்?

திறக்காத சீசாவுக்கு ஒன்பது மாதம் என்று லேபிளில் அச்சிடுகிறோம். ஓராண்டு கடந்த சீசாக்களையும் நாங்கள் திறந்து உண்டிருக்கிறோம், ஆனால் அப்போது துண்டின் மொறுமொறுப்பு போய், எண்ணெயில் பழைய வாடை தொடங்கியிருந்தது. கெடவில்லை, ஆனால் காசு கொடுத்து வாங்கியவருக்குக் கொடுக்கத் தக்கதாகவும் இல்லை. நல்லெண்ணெய் இயல்பிலேயே மெதுவாகச் சிக்குப்பிடிப்பது. விலை குறைவு என்பதற்காக ஒரு பருவத்தில் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினோம், ஆறாம் மாதத்திலேயே பழைய வண்ணப்பூச்சு டப்பாவைத் திறந்தது போன்ற மணம் வந்தது.

திறந்த பிறகு மூன்று மாதம். ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, மிச்சத் துண்டுகளை எண்ணெய்க்குக் கீழே அழுத்திவிட்டு, விளிம்பைத் துடைத்து மூட வேண்டும். எண்ணெய் துண்டுகளுக்கு மேல் அரைச் சென்டிமீட்டராவது நிற்கட்டும். குறைந்துவிட்டால் காய்ச்சி ஆறவைத்த நல்லெண்ணெயை நீங்களே சேர்க்கலாம்.

மேலே வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சையா, உப்பா?

காய்ந்த கரண்டி நுனியால் சிறிது எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மணல் போல நறநறத்து, ஒரு சொட்டு வெந்நீரில் கரைந்தால் அது உப்பு, தயங்காமல் உண்ணலாம். வழவழப்பாகவோ பஞ்சு போலவோ இருந்து, கரையாமல் திரிந்தால் அது ஈஸ்ட் படலம் அல்லது பூஞ்சை. அப்போது மேற்பகுதியை மட்டும் வழித்துவிட்டு உண்ண வேண்டாம், சீசாவையே தள்ளிவிடுங்கள். மூடி மேலே உப்பியிருந்தாலும், திறக்கும்போது சீறினாலும், எண்ணெயில் குமிழ்கள் ஏறினாலும் உள்ளே நொதித்தல் நடக்கிறது என்று பொருள்.

எங்கள் சொந்தத் தவறு ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு ஜனவரியில் மழையோடு மழையாகச் சீசாக்களை ஓவனில் சுட்டு எடுத்தோம், ஆனால் மூடிகளை வெந்நீரில் அலசித் துணியில் கவிழ்த்ததோடு விட்டுவிட்டோம். மூடியின் மறைப் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாமல் தங்கிய நீர், சீசாவைச் சாய்த்தபோது எண்ணெய்க்கு மேல் சொட்டியிருக்கிறது. நான்காம் வாரத்தில் பதினெட்டுச் சீசாக்களில் மூடிக்குக் கீழே மட்டும் வளையமாக வெண்படலம் வந்தது. அதே சாடியிலிருந்து நிரப்பிய மற்றவை நன்றாகவே இருந்தன. அதனால்தான் காய்க்கோ உப்புக்கோ குற்றமில்லை, மூடிதான் காரணம் என்று புரிந்தது. இப்போது மூடிகளைத் தனியாக விசிறியின் முன் ஓர் இரவு வைத்து, மறுநாள் காகிதத் துணுக்கால் ஒவ்வொரு மூடியின் பள்ளத்தையும் துடைத்துப் பார்க்கிறோம். அலுப்பான வேலைதான்.

மாங்காயோடு நிறையப் பூண்டு போட்டுத் தருவீர்களா?

தருவோம், ஆனால் தனியாகச் சொல்லி வைத்தால் மட்டும். மாங்காய் புளிப்பானது, பூண்டில் புளிப்பே இல்லை எனலாம். புளிப்பில்லாத ஒரு பொருள் காற்றுப் புகாத எண்ணெய்க்கு அடியில் அறை வெப்பத்தில் கிடந்தால், கிளாஸ்டிரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியா நச்சை உண்டாக்க அது தக்க இடமாகிவிடும். அந்த நச்சு நிறத்திலோ மணத்திலோ தன்னைக் காட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. புளிப்பு கூடக் கூடக் குறையும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இருந்தால் அந்தப் பாக்டீரியா வளராது.

ஆகவே உரித்த பூண்டை முதலில் வெள்ளை வினிகரில் மூன்று நாள் குளிர்ப்பெட்டியில் ஊறவைத்து, ஒரு பல்லை நசுக்கிப் பி.எச். பேனாவால் அளந்து, 4.2 அல்லது அதற்குக் கீழே காட்டினால்தான் மாங்காயோடு சேர்க்கிறோம். பேனாவை ஒவ்வொரு முறையும் 4 மற்றும் 7 அளவுத் திரவங்களில் சரிபார்த்த பிறகே நம்புகிறோம். வீட்டில் பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைக்கிறவர்கள் தயவுசெய்து அதைக் குளிர்ப்பெட்டிக்கு மாற்றி, சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

கறித்தூள் கடைத்தூள் மாதிரியா, வேறா?

விக்டோரியா தெருச் சந்தையில் மாமியாரின் பெயரைக் கேலியாகச் சூட்டி விற்கும் அந்தக் காட்டமான தூளை எதிர்பார்த்து வருகிறவர்கள் முதல்முறை ஏமாறுவார்கள், ஏனென்றால் எங்கள் தூள் மல்லியை முன்னிறுத்துவது. ஒரு பங்கு செய்ய மல்லி 500 கிராம், காஷ்மீரி மிளகாய் 250 கிராம், காரமான சிறு மிளகாய் 100 கிராம், சீரகம் 100 கிராம், சோம்பு 50 கிராம், மிளகு 30 கிராம், வெந்தயம் 15 கிராம், பட்டை, கிராம்பு, ஏலம் மூன்றும் சேர்த்து 20 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை எடுக்கிறோம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் வறுக்க வேண்டும், ஏனென்றால் மல்லி பதமாகும் நேரத்தில் சீரகம் கருகிவிடும். மல்லியைப் பல்லில் கடித்தால் டக்கென்று உடைய வேண்டும். கறிவேப்பிலையைக் கையில் நொறுக்கினால் பொடியாக உதிர வேண்டும், வளைந்தால் அதில் இன்னும் நீர் இருக்கிறது. மின்வெட்டு நேர அட்டவணை பார்த்து மில்லுக்குப் போன ஆண்டுகளில், வறுத்ததை மறுநாள் வரை திறந்து வைக்க நேர்ந்து புழுக்கத்தில் நமத்துப்போன அனுபவம் எங்களுக்கு உண்டு. அதனால் இப்போது வறுத்து ஆறியதும் மூடியிட்ட டப்பாவில் போட்டுவிட்டு, மின்சாரம் உறுதியான பிறகே அரைக்கிறோம்.

அரைத்த தூள் சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு பையில் அடைத்தால் உள்ளே வியர்த்து, ஓரிரு வாரத்தில் மூலையில் கட்டி பிடிக்கும். காகிதத்தில் விரல் தடிமனுக்குப் பரப்பி, புறங்கை வைத்தால் குளிர்ச்சியாகத் தெரியும் வரை ஆறவிட்டுச் சலித்து அடைக்கிறோம்.

தூளில் வண்டு வருமா? எவ்வளவு நாள் வைக்கலாம்?

ஆறு மாதம் வரை மணம் முழுதாக இருக்கும். அதன் பிறகு தூள் நஞ்சாகிவிடாது, ஆனால் ஒரு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டாலும் குழம்பு மந்தமாகவே இருக்கும். வண்டு பெரும்பாலும் மல்லி, மிளகாயோடு முட்டையாக வந்து சேருகிறது. மூட்டை வந்ததும் சிறு பைகளாகப் பிரித்து, கழித்தல் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வைத்து, வெளியே எடுத்தபின் பையைத் திறக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிடுகிறோம். குளிர்ச்சியோடு திறந்தால் காற்றின் ஈரம் மல்லியின் மேல் படியும். உங்கள் தூளில் மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அந்துப்பூச்சி, ஊசித் துளை போட்ட பையாக இருந்தால் சிறு பழுப்பு வண்டு. இரண்டிலும் பையைத் தள்ளிவிடுங்கள்.

மிளகாயில் காம்புக்கு உட்புறம் சாம்பல் பூத்திருந்தால் அந்த மூட்டையை வாங்குவதில்லை. வறுத்தால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வார், ஆனால் பூஞ்சை விட்டுச்செல்லும் அஃப்லாடாக்சின் நச்சு வறுக்கும் சூட்டில் முழுதாக அழிவதில்லை.

என் மகளுக்குக் கோதுமை ஆகாது. சாப்பிடலாமா?

கறித்தூளில் பெருங்காயம் இல்லை. அதில் கோதுமையும் சேர்வதில்லை. ஊறுகாயில் போடும் கடைப் பெருங்காயத்தூளில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம், எனவே அந்த லேபிளில் கோதுமை என்று தடித்த எழுத்தில் குறிப்பிடுகிறோம். முன்கூட்டிச் சொன்னால் பெருங்காயமே இல்லாமல் போட்டுத் தருகிறோம். இரண்டும் ஒரே மேசையில் அடைக்கப்படுவதால், மிகச் சிறு அளவுகூட ஆகாதவர்களுக்கு நாங்கள் உறுதி கொடுப்பதில்லை. கடுகு ஆகாதவர்கள் ஊறுகாயைத் தவிர்த்துவிடுங்கள்.

கல்யாணத்துக்கு 150 சீசா ஊறுகாயும் 150 பொட்டலம் தூளும் வேண்டும். எப்போது சொல்ல வேண்டும்?

ஐந்து வாரம் முன்னால். சென்ற பருவத்தில் ஜனவரி கடைசிச் சனிக்கிழமைக் கல்யாணம் ஒன்றுக்கு இதே அளவு கேட்டார்கள். அதன் கணக்கையே சொல்கிறோம்.

250 கிராம் வீதம் 150 சீசாவுக்கு ஊறுகாய் 37.5 கிலோ. நறுக்கிய காய் ஒரு கிலோ, உலர்ந்து 200 கிராம் இழந்து, உப்பும் பொடிகளும் எண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ 1.4 கிலோ ஊறுகாயாகிறது. எனவே சற்றுக் கூடுதலாக 28 கிலோ துண்டு என்று வைத்துக்கொண்டோம். கொட்டைப் பருப்பும் அடிபட்ட காயும் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுபோய்விடும் என்பதால் 35 கிலோ வாங்கினோம். வந்தது 39 கிலோ ஊறுகாய். மிஞ்சியதில் ஆறு சீசா நிரப்பி, அந்தத் தொகுதியின் எண்ணை எழுதி அலமாரியில் நிறுத்தினோம். யாராவது பின்னால் குறை சொன்னால் அதே சாடியின் சீசாவைத் திறந்து பார்க்க வேண்டுமே. தூளுக்கு 15 கிலோ வேண்டியிருந்தது. வறுக்கும்போதும் மில்லிலும் போகும் இழப்புக்காக 16.5 கிலோ சரக்கு எடுத்தோம்.

நாள் கணக்கு இப்படி நடந்தது: டிசம்பர் இரண்டாம் வாரம் பாதிப் பணம் முன்பணமாக வந்தது, அன்றே காய்க்குச் சொன்னோம். மூன்று நாள் உப்பு, ஒரு நாள் உலர்த்தல், ஒரு நாள் கலத்தல், மூன்று வாரம் ஊறல். சீசாவில் அடைத்தபின் இரண்டு நாள் நிமிர்த்தியும் ஒரு நாள் படுக்கவைத்தும் கசிவு பார்த்தோம். நான்கு மூடிகள் கசிந்தன, மாற்றினோம். தூளை மட்டும் கல்யாணத்துக்கு முந்தைய வாரத்தில்தான் அரைத்தோம், சீக்கிரம் அரைத்து வைப்பதில் யாருக்கும் லாபமில்லை.

ஆகஸ்டு, செப்டம்பர் கல்யாணங்களுக்கு மாங்காய் கேட்காதீர்கள். அப்போது நல்ல பச்சைக்காய் எங்களுக்குக் கிடைப்பதில்லை. குளிர்காலத்தில் எலுமிச்சை நன்றாக விளைவதால் எலுமிச்சை ஊறுகாய் தருகிறோம், அதற்கு ஊறும் காலம் கூடுதல் என்பதால் எட்டு வாரம் முன்பே சொல்லுங்கள். காய் வாங்கிய பிறகு ஆர்டரை ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது. எண்ணிக்கையைப் பத்தில் ஒரு பங்குவரை, உப்பில் போடும் நாளுக்கு முன்பு கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

ஜோஹன்னஸ்பர்க்குக்கு அனுப்புவீர்களா?

அனுப்புவோம், ஆனால் கண்ணாடிச் சீசாவில் ஒரு பெட்டிக்குப் பன்னிரண்டுக்கு மேல் அடுக்குவதில்லை. மூடியைச் சுற்றி நாடா ஒட்டி, ஒவ்வொரு சீசாவையும் தனிப் பையில் கட்டுகிறோம். வந்தவுடன் நிமிர்த்தி வைத்து ஒரு நாள் விட்டுத் திறவுங்கள், பயணத்தில் கலங்கிய எண்ணெய் மீண்டும் மேலே வந்து நிற்கட்டும்.

சீசாவில் ஒட்ட இரண்டு வரி வாசகம் எழுதித் தருவீர்களா?

எழுதித் தருகிறோம். அந்த ஜனவரிக் கல்யாணத்துக்கு எழுதியது இது: “டிசம்பர் மாங்காய், கல்லுப்பு, நல்லெண்ணெய். சாட்ஸ்வொர்த்தில் மூன்று வாரம் ஊறியது. காய்ந்த கரண்டியோடு வாருங்கள்.” மணமகளின் பாட்டி ‘காய்ந்த கரண்டி’ மங்கலமாக இல்லை என்று சொன்னதால் அதை ‘ஈரமில்லாத கரண்டி’ என்று மாற்றினோம்.

உடலுக்கு நல்லது, செரிமானத்துக்கு மருந்து என்பன போன்ற சொற்களை நாங்கள் அச்சிடுவதில்லை. வெயிலில் உலர்ந்தது என்று எழுதுவதும் அந்தத் தொகுதி உண்மையிலேயே வெயிலில் உலர்ந்திருந்தால் மட்டுமே. வாசகம் முன்பக்கத்தில் வரும். சேர்மானங்கள், நிகர எடை, எந்தத் தேதிக்கு முன் உண்பது நல்லது என்பது, தொகுதி எண் ஆகியவை பின்பக்க லேபிளில் வரும், அதில் எதையும் அழகுக்காக நீக்க முடியாது. மணமக்கள் பெயரின் எழுத்துக்களைச் சரிபார்த்து, ஊறல் காலத்தின் முதல் வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்; அச்சுக்குப் போன பிறகு திருத்தினால் அந்தச் செலவு உங்களுடையது.